ஒரு PV வரைபடம்: +400 ஜூல் என்ற விடை −259 ஜூல் ஆனது எப்படி

வெப்ப இயக்கவியல் பயிற்சித் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கணக்கை இங்கே எடுத்துக்கொள்கிறோம். கணக்கு எளிது. கையால் வரைந்த படமும் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து எடுத்த வேலையின் குறியும் தவறு, அளவும் தவறு. வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்புகளில் இரண்டு இந்தத் தவறைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன. அதனால்தான் இதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கும் அதற்கு வரைந்த படமும்

ஓரணு நல்லியல்பு வாயு ஒன்று நிலை 1-இல் உள்ளது: அழுத்தம் 300 கிலோபாஸ்கல், பருமன் 2 லிட்டர், வெப்பநிலை 600 கெல்வின். முதலில் பருமன் மாறாமல் அதைக் குளிர்வித்து அழுத்தத்தை 100 கிலோபாஸ்கலுக்குக் கொண்டுவருகிறோம். இது நிலை 2. அடுத்து அழுத்தம் மாறாமல் சூடாக்க, வாயு 6 லிட்டர்வரை விரிகிறது. இது நிலை 3. கடைசியாக வெப்பநிலை மாறாமல் அமுக்கி நிலை 1-க்கே திருப்புகிறோம். ஒரு முழுச் சுற்றில் வாயு செய்த நிகர வேலை எவ்வளவு என்பது கேள்வி.

வரைந்த படத்தில் பருமன் கிடை அச்சிலும் அழுத்தம் செங்குத்து அச்சிலும் உள்ளன. மூன்று புள்ளிகளும் சரியான இடத்தில் இருக்கின்றன. நிலை 1-ஐயும் நிலை 3-ஐயும் ஒரு நேர்கோடு இணைக்கிறது. அம்புக்குறிகள் நிலை 1-இலிருந்து சாய்கோட்டின் வழியே நிலை 3-க்கும், அங்கிருந்து இடப்பக்கமாக நிலை 2-க்கும், பிறகு மேல்நோக்கி நிலை 1-க்கும் போகின்றன. கீழே எழுதப்பட்ட கணக்கு இது:

```
W = ½ × 4 L × 200 kPa = +400 J
```

லிட்டரைக் கிலோபாஸ்கலால் பெருக்கினால் நேராக ஜூல் கிடைக்கும் என்பதால் அலகில் பிழையில்லை. முக்கோணத்தின் பரப்பும் சரிதான். பிழைகள் இரண்டுமே எண்களுக்கு முன்னால், கோடு போடும்போதே நுழைந்துவிட்டன.

முதல் பிழை: சுற்றின் திசை

அம்புக்குறியைப் படத்தைப் பார்த்துப் போடக்கூடாது, கணக்கின் சொற்களைப் பார்த்துப் போட வேண்டும். மூடிய வளையம் ஒன்று வரைந்தவுடன் கை தானாக வலஞ்சுழியாக அம்பு போட்டுவிடும். பாடப்பகுதியில் வரும் கார்னோ, ஆட்டோ, டீசல் சுற்றுகள் எல்லாம் என்ஜின்களாகவும் வலஞ்சுழியாகவுமே இருப்பதால் வந்த பழக்கம் அது. இங்கேயும் நடந்தது அதுதான். கணக்கு 1, 2, 3, 1 என்று சொல்கிறது. படம் 1, 3, 2, 1 என்று போகிறது. மூலைப்புள்ளிகள் இரண்டிலும் ஒன்றே என்பதால் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. கோடு வரைவதற்கு முன்பே, ஒவ்வொரு நிகழ்வுக்கும் எது எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். முதல் நிகழ்வில் பருமன் அப்படியே, அழுத்தம் இறங்குகிறது. ஆகவே அம்பு நேர்கீழாக. இரண்டாவதில் அழுத்தம் அப்படியே, பருமன் கூடுகிறது, அம்பு வலப்பக்கமாக. மூன்றாவதில் பருமன் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அம்பு இடப்பக்கமாகச் சாய்ந்து மேலே. இந்த மூன்று வரிகளையும் வைத்துக்கொண்டு வரைந்தால் கீழே, வலமாக, பிறகு மேலே என்று வளையம் இடஞ்சுழியாகத்தான் வரும். வேறு வழியே இல்லை.

வலஞ்சுழி என்றால் நேர்க்குறி, இடஞ்சுழி என்றால் எதிர்க்குறி என்று மனப்பாடம் செய்வதைவிட, அது ஏன் அப்படி என்பதைப் பிடித்துக்கொள்வது நல்லது. வாயு விரியும்போது கோட்டுக்குக் கீழே பருமன் அச்சுவரை உள்ள பரப்பு முழுவதும் வாயு செய்த வேலை. அமுங்கும்போது அதே போன்ற பரப்பு வாயுவின்மீது செய்யப்பட்ட வேலை. இரண்டையும் கழித்தால் எஞ்சுவதுதான் வளையத்துக்குள் அடைபட்ட பரப்பு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: விரிவு உயர்ந்த அழுத்தத்தில் நடந்ததா, தாழ்ந்த அழுத்தத்தில் நடந்ததா?

படத்தில் 4 லிட்டர் உள்ள இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு கிழித்துப் பாருங்கள். அது வளையத்தை இரண்டு இடங்களில் வெட்டும். கீழ்வெட்டு 100 கிலோபாஸ்கலில்; அங்கே வாயு விரிந்துகொண்டிருக்கிறது. மேல்வெட்டு இருப்பது சாய்ந்த கோட்டில். அங்கே வாயு அமுங்குகிறது. குறைந்த அழுத்தத்தில் விரிந்து, கூடிய அழுத்தத்தில் அமுக்கப்படுகிறது என்றால் வாயு தந்ததைவிட வாங்கியது அதிகம். நிகர வேலை எதிர்க்குறி.

இந்தச் செங்குத்துக் கோட்டுச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. சிலர் அழுத்தத்தைக் கிடை அச்சிலும் பருமனைச் செங்குத்து அச்சிலும் போட்டுவிடுவார்கள். கேள்வித்தாளே வேண்டுமென்று அப்படிக் கொடுப்பதும் உண்டு. அச்சுகள் இடம் மாறினால் அதே சுற்று படத்தில் எதிர்ச்சுழியாகத் தெரியும். வலஞ்சுழி விதியை மட்டும் நம்பினால் குறி தலைகீழாகிவிடும். “எந்த அழுத்தத்தில் விரிந்தது” என்ற கேள்விக்கோ அச்சு எப்படி இருந்தாலும் விடை மாறாது. அந்தப் படத்தில் பருமனுக்கு நேரான கோடு கிடையாக ஓடும், அவ்வளவுதான்.

குறியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இயற்பியல், பொறியியல் நூல்களில் W பெரும்பாலும் வாயு செய்த வேலை. வேதியியல் நூல்களில் அது பெரும்பாலும் வாயுவின்மீது செய்யப்பட்ட வேலை. இதே சுற்றுக்கு முதல் வழக்கில் எதிர்க்குறியும் இரண்டாவதில் நேர்க்குறியும் வரும், இரண்டும் சரி. ஆகவே விடை எழுதும்போது எண்ணோடு நிறுத்தாமல் “வாயு செய்த வேலை” என்றோ “வாயுவின்மீது செய்யப்பட்ட வேலை” என்றோ சொல்லால் எழுதிவிடுவது நல்லது. திருத்துபவருக்கும் பிறகு திரும்பிப் பார்க்கும் உங்களுக்கும் சந்தேகம் வராது.

இரண்டாவது பிழை: நேர்கோடு

திசையை மட்டும் திருத்தினால் விடை −400 ஜூல் ஆகும். அதுவும் தவறுதான். வெப்பநிலை மாறா நிகழ்வு PV வரைபடத்தில் நேர்கோடாக இருக்கவே முடியாது.

இதை நிரூபிக்க ஒரு புள்ளி போதும். நிலை 1-இல் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் 600 ஜூல். நிலை 3-இலும் 600 ஜூல். ஆகவே இரண்டு முனைகளும் ஒரே வெப்பநிலையில் உள்ளன, சரி. நேர்கோட்டின் நடுப்புள்ளியை எடுங்கள்: 4 லிட்டர், 200 கிலோபாஸ்கல். பெருக்கினால் 800 ஜூல். வெப்பநிலை பெருக்கற்பலனோடு நேர்விகிதத்தில் இருப்பதால் அங்கே வாயு 800 கெல்வினில் இருக்க வேண்டும். அதாவது படத்தில் உள்ள நேர்கோட்டில் போனால் வாயு 600-இலிருந்து 800-க்குச் சூடாகி, மறுபடி 600-க்குக் குளிர்கிறது. அது வேறொரு நிகழ்வு. கணக்கில் கேட்ட நிகழ்வு அல்ல.

உண்மையான வளைகோடு 4 லிட்டரில் 150 கிலோபாஸ்கலைத் தொட்டுப் போக வேண்டும். 3 லிட்டரில் 200, 5 லிட்டரில் 120. இந்த மூன்று புள்ளிகளைக் குறித்துவிட்டு அவற்றின் வழியே கோடு இழுத்தால் வடிவம் தானாக அமைந்துவிடும்: நேர்கோட்டுக்குக் கீழே தொய்ந்து, தோற்றப்புள்ளியின் பக்கம் வயிறு தள்ளிய வளைவு. சிலர் கோடு வளைய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அதை மேல்நோக்கி உப்பலாக வரைவார்கள். அது நேர்கோட்டைவிட மோசமான பிழை. பரப்பு 400 ஜூலையும் தாண்டிவிடும்.

வளைகோடு சரியாக வந்திருக்கிறதா என்று அளவுகோலால் பார்க்க ஒரு வழி உண்டு. வெப்பநிலை மாறாக் கோட்டின் எந்தப் புள்ளியிலும் சாய்வு −P/V. ஆகவே அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்து நீட்டினால், அது பருமன் அச்சை அந்தப் புள்ளியின் பருமனைப்போல் சரியாக இரண்டு மடங்கில் வெட்டும். நிலை 1-இல் வரைந்த தொடுகோடு 4 லிட்டரில் அச்சைத் தொட வேண்டும். நிலை 3-இல் வரைந்தது 12 லிட்டரில். நிலை 1-இல் சாய்வின் அளவு லிட்டருக்கு 150 கிலோபாஸ்கல், நிலை 3-இல் ஏறத்தாழ 17. ஒன்பது மடங்கு வேறுபாடு. கையால் வரையும் பெரும்பாலான கோடுகள் முழுவதும் மிதமாக வளைந்து, இந்த வேறுபாட்டைக் காட்டாமல் போகின்றன. இந்தச் சோதனைக்கு அழுத்த அச்சு பூச்சியத்தில் தொடங்கியிருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

வெப்பப் பரிமாற்றமில்லாக் கோட்டோடு இதைக் குழப்பிக்கொள்வதும் நடக்கும். ஓரணு வாயுவுக்கு அந்தக் கோடு ஒவ்வொரு புள்ளியிலும் 5/3 மடங்கு செங்குத்தானது. நிலை 1-இலிருந்து அப்படி ஒரு கோடு இறங்கினால் 100 கிலோபாஸ்கலை ஏறத்தாழ 3.87 லிட்டரிலேயே தொட்டுவிடும், 6 லிட்டர்வரை போகாது. ஆகவே மூலைப்புள்ளிகளைச் சரியாகக் குறித்திருந்தால், எந்தக் கோடு எந்த நிகழ்வுக்கு உரியது என்பதைப் புள்ளிகளே சொல்லிவிடும்.

பரப்பைக் கணக்கிடுதல்

தொகையிடலுக்குப் போகும் முன்பு எல்லைகளைக் கட்டிவிடுவது நல்ல பழக்கம். வளையத்தைச் சுற்றிக் கச்சிதமாக ஒரு செவ்வகம் போட்டால் அதன் பரப்பு 4 லிட்டர் × 200 கிலோபாஸ்கல், அதாவது 800 ஜூல். வளைவு நேர்கோட்டுக்குக் கீழே இருப்பதால் வளையம் முக்கோணத்துக்குள் அடங்கும். ஆகவே 400 ஜூலுக்குக் குறைவு. இதற்கு மேல் எந்த விடை வந்தாலும் அதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இப்போது ஒவ்வொரு நிகழ்வாக. முதல் நிகழ்வில் பருமன் மாறவில்லை, வேலை பூச்சியம். இரண்டாவதில் வாயு 100 கிலோபாஸ்கலில் 4 லிட்டர் விரிகிறது, +400 ஜூல். மூன்றாவது:

```
W₃₁ = nRT ln(V₁/V₃) = 600 J × ln(2/6) = −659.2 J
W   = 0 + 400 − 659.2 = −259.2 J
```

முக்கோணம் காட்டிய அளவு உண்மையைவிட ஏறத்தாழ 54 விழுக்காடு அதிகம். நேர்கோட்டுத் தோராயம் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ள முழுப் பரப்பில் பிழை சிறியதுதான்: 659-க்குப் பதில் 800. ஆனால் அடைபட்ட பரப்பு என்பது இரண்டு பெரிய பரப்புகளின் வித்தியாசம். 400-ஐக் கழித்த பிறகும் அந்த 141 ஜூல் பிழை அப்படியே நிற்கிறது. அடியில் உள்ள எண் மட்டும் சுருங்கிவிடுகிறது. வளையம் ஒல்லியாக ஆக ஆக இந்தத் தொல்லை கூடும்.

மடக்கை இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். குறித்து வைத்த ஐந்து புள்ளிகளையும் துண்டு துண்டான நேர்கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் சராசரி அழுத்தத்தைப் பருமன் மாற்றத்தால் பெருக்கினால் 250, 175, 135, 110 என்று வரும். கூட்டினால் 670, அதில் 400 போக 270 ஜூல். வளைவு கீழே தொய்ந்திருப்பதால் இந்த முறை எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டும், அது எதிர்பார்த்ததுதான். அதே ஐந்து புள்ளிகளுக்குச் சிம்சன் விதியைப் போட்டால் 660, ஆகவே 260 ஜூல். உண்மை விடைக்கு மிக அருகில் வந்துவிட்டது.

கட்டத்தாள் இருந்தால் எண்ணியும் பார்க்கலாம். அரை லிட்டருக்கு ஒரு கட்டம், 50 கிலோபாஸ்கலுக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் ஒரு கட்டம் 25 ஜூல். செவ்வகத்தில் 32 கட்டங்கள் இருக்கும். வளையத்துக்குள் பத்தரைக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். இது பழைய வழி. ஜேம்ஸ் வாட்டின் உதவியாளரான ஜான் சதர்ன் 1796 வாக்கில் நீராவி என்ஜினின் அழுத்தத்தைப் பிஸ்டனின் அசைவோடு சேர்த்துத் தாளில் வரையும் கருவியை உருவாக்கியபோது, அந்த மூடிய கோட்டின் பரப்பைத்தான் வேலையாக அளந்தார்கள். 1834-இல் கிளாபேரான் கார்னோவின் சுற்றை இதே படத்தில் வரைந்து காட்டினார். இன்று நாம் வரைவதும் அந்தப் படம்தான்.

எந்தச் சரிபார்ப்பு பிடிக்கும், எது பிடிக்காது

படத்திலிருந்த தவறான விடையை வழக்கமான சோதனைகளில் போட்டுப் பார்ப்போம். இந்தக் கணக்கில் கற்றுக்கொள்ள அதிகம் உள்ள இடம் இதுவே.

முதலாவது, பயனுறு திறன். வலஞ்சுழியாகப் போனால் வாயு வெப்பம் வாங்குவது 2-இலிருந்து 1-க்குப் போகும்போதும் 1-இலிருந்து 3-க்குப் போகும்போதும். அந்த அளவுகள் 600 ஜூல், 659.2 ஜூல். 400-ஐ 1259.2-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 32 விழுக்காடு. மிக உயர்ந்த வெப்பநிலை 600 கெல்வின், மிகத் தாழ்ந்தது 200 கெல்வின். ஆகவே கார்னோ எல்லை 66.7 விழுக்காடு. 32 அதற்குள் அடங்குகிறது. சோதனையில் தேறிவிட்டது, விடையோ தவறு. அதே திசையில் சரியான வளைகோட்டுக்குத் திறன் ஏறத்தாழ 20.6 விழுக்காடுதான். கார்னோ எல்லையைத் தாண்டினால் விடை நிச்சயம் தவறு. தாண்டாததால் விடை சரி என்று ஆகாது.

இரண்டாவது, வெப்ப இயக்கவியலின் முதல் விதி. ஒரு முழுச் சுற்றில் அக ஆற்றல் மாற்றம் பூச்சியம், ஆகவே நிகர வெப்பம் நிகர வேலைக்குச் சமம். கணக்கு சொன்ன திசையில் போகலாம். முதல் நிகழ்வில் வாயு 600 ஜூல் வெப்பத்தை இழக்கிறது. இரண்டாவதில் 1000 ஜூல் பெறுகிறது. அதில் 600 அக ஆற்றலாகிறது, 400 வேலையாகிறது. மூன்றாவதில் வெப்பநிலை மாறவில்லை, அக ஆற்றல் மாறவில்லை. ஆகவே அமுக்கச் செய்த 659.2 ஜூலும் வெப்பமாக வெளியேறுகிறது. கூட்டினால் −259.2 ஜூல். பொருந்துகிறது.

ஆனால் நேர்கோடு வரைந்தவர் என்ன செய்வார்? மூன்றாவது நிகழ்வின் வேலையை நேர்கோட்டுப் பரப்பிலிருந்து 800 ஜூல் என்று எடுப்பார். அக ஆற்றல் மாறாததால் வெப்பமும் 800 ஜூல் என்று எழுதுவார். −600, +1000, −800: கூட்டினால் −400. முக்கோணத்தின் பரப்பும் 400. முதல் விதி கச்சிதமாகப் பொருந்திவிட்டதுபோல் தோன்றும். வெப்பத்தையே அந்தத் தவறான பரப்பிலிருந்து எடுத்திருப்பதால் இது சரிபார்ப்பே அல்ல. ஒரே எண்ணை இரண்டு முறை எழுதியதுதான். திசைப் பிழைக்கும் இதே கதி: எல்லா அம்புகளையும் ஒருசேரத் திருப்பினால் எல்லாக் குறிகளும் ஒருசேர மாறும், முதல் விதி அப்போதும் நிறைவேறும். வெப்பநிலை மாறும் நிகழ்வு ஒன்றின் அம்பு மட்டும் திரும்பியிருந்தால் இது பிடிக்கும். வெப்பநிலை மாறா நிகழ்வின் அம்பு மட்டும் திரும்பியிருந்தால் வெப்பமும் வேலையும் ஒன்றாகவே மாறுவதால் பிடிக்காது. முழு வளையமும் திரும்பியிருந்தால் பிடிக்காது.

நேர்கோட்டைப் பிடிக்கும் சோதனை என்ட்ரோபி. அதுவும் முழுச் சுற்றில் பூச்சியமாக வர வேண்டும். இந்தக் கணக்கில் nR சரியாக கெல்வினுக்கு 1 ஜூல், ஏனென்றால் 600 ஜூலை 600 கெல்வினால் வகுக்கிறோம். ஆகவே எண்கள் எளிதாக வரும்:

```
ΔS₁₂ = (3/2) ln(200/600) = −1.648 J/K
ΔS₂₃ = (5/2) ln(600/200) = +2.747 J/K
ΔS₃₁ = −(−1.648 + 2.747) = −1.099 J/K
Q₃₁  = 600 K × (−1.099 J/K) = −659.2 J
```

மூன்றாவது நிகழ்வின் கோட்டை நாம் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மற்ற இரண்டு நிகழ்வுகளின் வெப்பநிலைகளே அதன் வெப்பத்தைத் தீர்மானித்துவிட்டன. 800 ஜூல் என்று எழுதியிருந்தால் அதை 600 கெல்வினால் வகுக்க 1.333 வரும்; 1.099-உடன் சேராது. படத்தில் உள்ள வளைவு தவறு என்பது அங்கே வெளிப்பட்டுவிடும். வெப்பநிலை மாறா நிகழ்வு ஒன்றாவது உள்ள எந்தச் சுற்றுக்கும் இந்தச் சோதனையைச் செய்துபார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

முழு வளையமும் தலைகீழாகத் திரும்பிய பிழையை எந்தக் கூட்டல் சோதனையும் பிடிக்காது, என்ட்ரோபியும்கூட. மீள் நிகழ்வுகளால் ஆன சுற்றை எந்தத் திசையிலும் ஓட்டலாம் என்பதால் இயற்கை விதிகள் அதைத் தவறு என்று சொல்ல மாட்டா. கணக்கின் சொற்களோடு ஒப்பிட்டால் மட்டுமே தெரியும். குளிர்வித்து என்று சொன்ன இடத்தில் வெப்பம் எதிர்க்குறியில் வருகிறதா, சூடாக்கி என்ற இடத்தில் நேர்க்குறியில் வருகிறதா என்று வரிக்கு வரி பார்க்க வேண்டும்.

இதே படத்தில் வேறு இடறல்கள்

அழுத்தம் அளவியில் காட்டும் அழுத்தமாகக் கொடுக்கப்பட்டிருந்தால் கவனம் தேவை. வளிமண்டல அழுத்தத்தை 100 கிலோபாஸ்கல் என்று கொண்டால், இதே மூலைகள் 200, 0, 0 என்று தெரியும். வளையம் மொத்தமாகக் கீழே இறங்கியதே தவிர வடிவம் மாறவில்லை. ஆகவே அடைபட்ட பரப்பு அதே 259.2. ஆனால் PV பெருக்கற்பலன் நிலை 1-இல் 400, நிலை 3-இல் 0 என்று வந்து, வெப்பநிலை மாறா நிகழ்வே இல்லை என்று தோன்றும். நிகர வேலைக்கு எந்த அழுத்தமும் போதும். வெப்பநிலைக்கு, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த தனி அழுத்தம் கட்டாயம். அச்சு பூச்சியத்தில் தொடங்காமல் 50 கிலோபாஸ்கலில் தொடங்கும் படங்களிலும் இதே நிலைதான். வளையத்தின் பரப்பு பாதிக்கப்படாது. ஆனால் ஒரு தனி நிகழ்வின் வேலையைக் கோட்டுக்குக் கீழே கட்டம் எண்ணிப் படித்தால் 4 லிட்டருக்கு 200 ஜூல் குறைந்துவிடும்.

கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் மொத்தப் பரப்பைக் கூட்டக்கூடாது. (2, 300), (6, 100), (6, 300), (2, 100) என்ற வரிசையில் நேர்கோடுகளால் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் இரண்டு முக்கோணங்கள் வரும். ஒவ்வொன்றின் பரப்பும் 200 ஜூல். இடப்பக்கத்தது வலஞ்சுழி, வலப்பக்கத்தது இடஞ்சுழி. நிகர வேலை 400 அல்ல, பூச்சியம். நான்கு வீச்சு என்ஜினின் உண்மையான படத்தில் கீழே தெரியும் மெல்லிய வளையமும் இப்படித்தான்: காற்றை உள்ளிழுத்துக் கழிவை வெளியேற்றச் செலவான வேலை. காற்றழுத்தி எதுவும் பொருத்தாத என்ஜினில் அது இடஞ்சுழி, கழிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கோடு வரைய முடிகிறது என்றாலே நிகழ்வு மீமெது நிகழ்வு என்று பொருள். ஒவ்வொரு கணமும் வாயு முழுவதற்கும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். நிலை 3-இல் பிஸ்டன்மீது திடீரென்று 300 கிலோபாஸ்கல் வெளியழுத்தத்தைப் போட்டு அப்படியே 2 லிட்டர்வரை அமுக்கினால், செய்யப்படும் வேலை 300 × 4, அதாவது 1200 ஜூல். தொடக்கமும் முடிவும் அதே புள்ளிகளாக இருக்கலாம். ஆனால் நடுவில் வாயுவுக்கென்று ஒரு கோடு கிடையாது, அடைபட்ட பரப்பு என்ற பேச்சுக்கும் அங்கே இடமில்லை.

இடஞ்சுழி என்றால் குளிர்சாதனமா?

திசையைத் திருத்தியவுடன் பலர் அடுத்த வரியில் “ஆகவே இது ஒரு குளிர்சாதனம்” என்று எழுதிவிடுகிறார்கள். இடஞ்சுழி சொல்வது ஒன்றே: சுற்றுக்கு 259.2 ஜூல் வேலை வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது. அந்த வேலை ஒரு குளிர்ந்த பொருளிலிருந்து வெப்பத்தை எடுக்கப் பயன்படுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒவ்வொரு கணத்திலும் வாயுவின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும்.

250 கெல்வினில் உள்ள ஒரு பொருளைக் குளிர்விக்க இந்தச் சுற்றைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். வாயு வெப்பம் பெறுவது 2-இலிருந்து 3-க்குப் போகும்போது மட்டும். அப்போது அது 200-இலிருந்து 600 கெல்வினுக்கு ஏறுகிறது. 250-ஐத் தாண்டிய பிறகு அந்தப் பொருளிலிருந்து வெப்பம் வாயுவுக்கு வராது. ஆகவே மொத்த 1000 ஜூலில் கிடைப்பது அதிகபட்சம் 125 ஜூல். மீதி 875 ஜூலை இன்னும் சூடான பொருள்கள்தான் தர வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் முதல் நிகழ்வில் இருக்கிறது. வாயு 250-இலிருந்து 200 கெல்வினுக்கு இறங்கும்போது 75 ஜூல் வெளியேற வேண்டும். அதை வாங்கிக்கொள்ள 200 கெல்வினிலோ அதற்குக் கீழேயோ ஒரு பொருள் தயாராக இருக்க வேண்டும். குளிர்விக்க நினைக்கும் பொருளைவிடக் குளிர்ந்த பொருள் ஏற்கெனவே கையில் இருந்தால் இந்தச் சுற்றே தேவையில்லை. முதல் நிகழ்வில் வெளியேறும் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரண்டாவதில் திருப்பித் தரும் மீட்பான் ஒன்றைச் சேர்த்தால் நிலைமை மாறும். ஸ்டர்லிங் குளிர்விப்பான்கள் அந்த வழியில்தான் இயங்குகின்றன. மீட்பான் இருக்கிறதா இல்லையா என்பதை PV வரைபடம் காட்டாது.